யாரிடம் பணம் கேட்கலாம்? முதல் கம்பெனி தொடங்குவோர் கவனிக்க

கம்பெனி பதிவுசெய்வது இன்று பெரிய வேலை இல்லை. இணையத்தில் ஒரு விண்ணப்பம்; எல்லாம் சரியாக இருந்தால் சில நாட்களில் சான்றிதழ் கையில். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கைப்பணம் தீர்ந்ததும், பள்ளி நண்பர்கள் குழுவிலும் ஊர்க்காரர்கள் குழுவிலும் “நம்ம பசங்க கம்பெனி, பங்கு வாங்கிக்கோங்க” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி கிளம்புகிறது. அனுப்பியவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால், பிரைவேட் லிமிடெட் கம்பெனி அப்படி ஒரு செய்தியை அனுப்பவே கூடாது.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத பப்ளிக் கம்பெனிகளின் பங்குகளை விற்கும் இணையத் தளங்கள் குறித்து 2024 டிசம்பரில் செபி எச்சரிக்கை விடுத்தது. சந்தைக்கு வெளியே பங்கு வாங்கும் ஆசை மக்களிடம் பரவியிருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். வாங்குபவரை எச்சரிக்க செபி இருக்கிறது. விற்கும் புதிய தொழில்முனைவோரிடம், எந்த வகைக் கம்பெனி என்ன அனுமதிக்கிறது என்று பதிவின்போது உட்கார்ந்து விளக்குபவர்கள் குறைவு.

அளவில் இல்லை வேறுபாடு

சிறிய கம்பெனி என்றால் பிரைவேட், பெரியது என்றால் பப்ளிக் என்று பலர் நினைக்கிறார்கள். சென்னையில் வளர்ந்து உலகெங்கும் மென்பொருள் விற்கும் ஸோஹோ இன்றும் பிரைவேட் லிமிடெட்தான். இன்னொரு பக்கம், ஊருக்குள் நகைக்கடன் கொடுக்கும் சின்னஞ்சிறு நிதி நிறுவனம், ‘நிதி’ என்ற வகையில் பதிவாகியிருந்தால் அது சட்டப்படி பப்ளிக் கம்பெனியாகத்தான் இருக்க வேண்டும். பப்ளிக் என்றால் பங்குச் சந்தையில் இருக்கும் என்பதும் தவறான எண்ணமே. சந்தைப் பக்கமே போகாத பப்ளிக் கம்பெனிகள் நாட்டில் ஏராளம்.

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் பிரைவேட் கம்பெனிக்கு மூன்று வேலிகளைப் போடுகிறது. பங்கைக் கைமாற்றும் உரிமைக்குக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். பங்குதாரர்கள் 200 பேரைத் தாண்டக் கூடாது. பங்கு வாங்கும்படி பொதுமக்களை அழைக்கக் கூடாது. இந்த மூன்றையும் கம்பெனி தன் அமைப்பு விதிகளிலேயே எழுதிவைக்க வேண்டும். இவை இல்லாத கம்பெனி பப்ளிக் கம்பெனி.

தொடங்குவதற்குத் தேவையான ஆட்களின் எண்ணிக்கையும் மாறுபடும். பிரைவேட் கம்பெனிக்கு இரண்டு பங்குதாரர்கள், இரண்டு இயக்குநர்கள் போதும். கணவனும் மனைவியுமே நடத்தலாம். பப்ளிக் கம்பெனிக்குக் குறைந்தது ஏழு பங்குதாரர்கள், மூன்று இயக்குநர்கள் வேண்டும். குறைந்தபட்ச முதலீடு என்று முன்பு பிரைவேட்டுக்கு 1 லட்சம், பப்ளிக்குக்கு 5 லட்சம் ரூபாய் இருந்தது. 2015இல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது.

இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பவற்றையும் சொல்லிவிட வேண்டும். வருமான வரி விகிதத்தில் பிரைவேட், பப்ளிக் என்ற பேதம் இல்லை. கம்பெனி நொடித்தால் பங்குதாரரின் இழப்பு அவர் போட்ட பணத்தோடு நிற்கும் என்ற பாதுகாப்பும் இரண்டுக்கும் பொது. வங்கிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போட்ட இயக்குநருக்கு அந்தப் பாதுகாப்பு அந்தக் கடன் அளவுக்கு இல்லாமல் போகும் என்பதும் இரண்டுக்கும் பொதுதான்.

காங்கயத்தில் ஒரு செக்கு எண்ணெய்க் கம்பெனி

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்த்தால் இந்த வேலிகளின் பொருள் புரியும். காங்கயத்தில் மூன்று நண்பர்கள் செக்கு எண்ணெய் தயாரிக்கும் பிரைவேட் லிமிடெட் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூவரும் சேர்ந்து 10 லட்சம் ரூபாய் போடுகிறார்கள். முகமதிப்பு 10 ரூபாய் வீதம் 1,00,000 பங்குகள் அவர்கள் பெயரில் இருக்கின்றன. இரண்டு ஆண்டில் வியாபாரம் பிடித்துவிட்டது. புதிய இயந்திரங்களுக்கும் கிடங்குக்கும் 50 லட்சம் வேண்டும்.

ஒருவர் 300 பேர் உள்ள ஊர்க்குழுவில் செய்தி போடுகிறார்: “குறைந்தது 50 ஆயிரம், பங்கு தருகிறோம், விருப்பம் உள்ளவர்கள் அழைக்கவும்.” பத்து நாளில் நாற்பது பேர் பணம் தருகிறார்கள். சிலர் ரொக்கமாக, சிலர் ஜிபேயில், சிலர் மனைவி கணக்கிலிருந்து. அந்தப் பணத்தில் இயந்திரத்துக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது.

இங்கே நடந்திருப்பது வரிசையான மீறல்கள். பங்கு வாங்க வருமாறு குழுவில் போட்ட செய்தியே பொது அழைப்பு. ரொக்கம் வாங்கியது தவறு. வேறொருவர் கணக்கிலிருந்து வாங்கியதும் தவறு. தனி வங்கிக் கணக்கில் வைக்காததும், பங்கு ஒதுக்கும் முன்பே செலவழித்ததும் அடுத்தடுத்த தவறுகள். தனிப்பட்ட பங்கு ஒதுக்கீட்டு விதிகளை மீறினால், திரட்டிய தொகை அல்லது 2 கோடி ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுவரை கம்பெனிக்கும், தொடங்கியவர்களுக்கும், இயக்குநர்களுக்கும் அபராதம் விதிக்கலாம். அபராதத்தை விதிக்கும் உத்தரவு வந்த 30 நாட்களுக்குள் எல்லோர் பணத்தையும் வட்டியுடன் திருப்ப வேண்டும். இயந்திரத்தில் முடங்கிவிட்ட பணத்தை முப்பது நாளில் எங்கிருந்து திருப்புவது?

இதே 50 லட்சத்தை முறையாகத் திரட்ட வழி இருக்கிறது. யார் யாரிடம் கேட்கப் போகிறோம் என்ற பெயர்ப் பட்டியலை முதலில் இயக்குநர் குழு முடிவுசெய்ய வேண்டும். பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் கம்பெனியை மதிப்பிட்டு, ஒரு பங்குக்கு என்ன விலை என்று அறிக்கை தர வேண்டும். பங்குதாரர்கள் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி, அதைப் பதிவாளரிடம் தாக்கல்செய்ய வேண்டும். பிறகு ஒவ்வொருவருக்கும் அவர் பெயரும் வரிசை எண்ணும் இட்ட PAS-4 என்ற கடிதம் போகும். அதை அவர் இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. பணம் அவருடைய சொந்த வங்கிக் கணக்கிலிருந்து, இதற்காகவே திறந்த தனிக் கணக்குக்கு வர வேண்டும். பணம் வந்த 60 நாட்களுக்குள் பங்கு ஒதுக்கி, அடுத்த 15 நாட்களுக்குள் PAS-3 படிவத்தைத் தாக்கல்செய்ய வேண்டும். அதைத் தாக்கல்செய்த பிறகே பணத்தைத் தொடலாம்.

நம் காங்கயம் கம்பெனியை மதிப்பீட்டாளர் 1.5 கோடி என்று மதிப்பிட்டால், ஒரு பங்கின் விலை 150 ரூபாய். 33,333 புதிய பங்குகளை விற்றால் 50 லட்சத்துக்கு 50 ரூபாய் குறைவாகக் கிடைக்கும். மொத்தப் பங்குகள் 1,33,333. வெளியாரிடம் கால் பங்கு.

அந்தக் கால் பங்குதான் எல்லைக்கோடு. அமைப்பு விதிகளைத் திருத்துவது, கம்பெனியை பப்ளிக்காக மாற்றுவது போன்ற பெரிய முடிவுகளுக்குச் சிறப்புத் தீர்மானம் தேவை. எதிராக விழும் வாக்குகளைப் போல் மூன்று மடங்காவது ஆதரவாக விழ வேண்டும். வெளியார் அத்தனை பேரும் எதிர்த்தால் 33,333 வாக்குகள். அதன் மூன்று மடங்கு 99,999. நண்பர்களிடம் 1,00,000 இருக்கிறது. ஒரே ஒரு வாக்கில் தப்பிக்கிறார்கள். இன்னும் ஒரு பங்கு கூடுதலாக விற்றிருந்தாலும் தீர்மானம் தோற்றிருக்கும். விலைப் பேச்சில் காட்டும் அக்கறையைப் பலர் இந்தக் கணக்கில் காட்டுவதில்லை.

இரண்டு இருநூறுகள்

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். சட்டத்தில் 200 என்ற எண் இரண்டு இடங்களில் வருகிறது. ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் பங்கு வாங்க அழைப்பு அனுப்பக் கூடாது என்பது ஒன்று. எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதற்கு இங்கே முக்கியத்துவம் இல்லை. எத்தனை பேரிடம் கேட்டோம் என்பதே கணக்கு. கம்பெனியின் மொத்தப் பங்குதாரர்கள் எந்த நேரத்திலும் 200ஐத் தாண்டக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டிலும் ஊழியர்களுக்குத் தனிச் சலுகை உண்டு. ‘ஆண்டுக்கு 200 பேர், ஐந்து ஆண்டில் ஆயிரம் பேர்’ என்று கணக்குப் போடுபவர்கள் இரண்டாவது இருநூறை மறந்துவிடுகிறார்கள்.

முதல் இருநூறு பப்ளிக் கம்பெனிக்கும் பொருந்தும். பப்ளிக்காகப் பதிவுசெய்துவிட்டோம், இனி யாரிடமும் பணம் வாங்கலாம் என்பது ஆபத்தான நம்பிக்கை. பொதுமக்களிடம் போக வேண்டுமானால், கம்பெனியின் நிலவரத்தை எல்லாம் சொல்லும் விளக்க ஆவணத்தை வெளியிட்டு, செபியின் விதிகளுக்கு உட்பட்டு, பங்குச் சந்தையில் பட்டியலிட்டே ஆக வேண்டும். ‘லிமிடெட்’ என்ற பெயர் அந்த வழியில் நுழையும் தகுதியைத் தருகிறது. அவ்வளவுதான்.

சஹாரா வழக்கு இதற்குப் பாடம். அந்தக் குழுமத்தின் இரண்டு பட்டியலிடப்படாத பப்ளிக் கம்பெனிகள், விரும்பினால் பங்காக மாற்றிக்கொள்ளும் கடன் பத்திரங்களை விற்று சுமார் 3 கோடிப் பேரிடம் பணம் திரட்டின. குழுமத்தோடு தொடர்புடைய நண்பர்கள், ஊழியர்கள் போன்றோரிடம் மட்டுமே வாங்கியதாகவும், அது தனிப்பட்ட ஒதுக்கீடு என்றும் வாதிட்டன. அன்றைய சட்டத்தில் வரம்பு 50 பேர். தெரிந்தவர்கள் என்ற வாதத்தை ஏற்காத உச்ச நீதிமன்றம், 24,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகையை 15% வட்டியுடன் திருப்பித் தர 2012 ஆகஸ்ட் 31இல் உத்தரவிட்டது. தொகை வேறு, நோக்கம் வேறு. ஆனால், ‘எல்லோரும் நமக்குத் தெரிந்தவர்கள்தானே’ என்ற வாதம் காங்கயத்திலும் அதேதான்.

கடன் என்று எழுதினால் தப்பிக்கலாமா?

பங்கு விற்பதில் இத்தனை விதிகள் என்றால், கடனாக வாங்கிக்கொள்கிறோம் என்று சிலர் கிளம்புகிறார்கள். கம்பெனி வாங்கும் கடன் பெரும்பாலும் ‘வைப்புத்தொகை’ என்ற வரையறைக்குள் வந்துவிடும். இயக்குநராகவோ பங்குதாரராகவோ இல்லாத நண்பரிடம் பிரைவேட் கம்பெனி கடன் வாங்க முடியாது. பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கும் உரிமை, 100 கோடி நிகர மதிப்போ 500 கோடி விற்றுமுதலோ உள்ள பப்ளிக் கம்பெனிகளுக்கு மட்டுமே உண்டு. மீறினால் பொறுப்பானவர்களுக்கு ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை.

பிரைவேட் கம்பெனிக்கு ஒரு நல்ல சலுகை இருக்கிறது. இயக்குநரின் உறவினரிடம், அது அவர் வேறெங்கும் கடன் வாங்கித் தரும் பணம் அல்ல என்ற எழுத்துபூர்வ உறுதிமொழியுடன், கடன் பெறலாம். பப்ளிக் கம்பெனிக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆனால், யார் உறவினர் என்பதைச் சட்டம் பட்டியல் போட்டுச் சொல்கிறது: கணவன் அல்லது மனைவி, அப்பா, அம்மா, மகன், மருமகள், மகள், மருமகன், உடன்பிறந்தவர்கள், இந்துக் கூட்டுக் குடும்பத்தின் சக உறுப்பினர்கள். இந்தப் பட்டியலில் மாமனார் இல்லை. தாய்மாமன் இல்லை. மச்சான் இல்லை. நம் ஊரில் தொழிலுக்கு முதல் பணம் பெரும்பாலும் இவர்களிடமிருந்துதான் வருகிறது. மாமனார் நேரடியாகக் கம்பெனிக்குக் கொடுத்தால் சிக்கல். தன் மகளுக்கு அவர் அன்பளிப்பாகக் கொடுத்து, இயக்குநரின் மனைவி என்ற முறையில் மகள் அதைக் கம்பெனிக்குக் கடனாகத் தந்தால் வழி உண்டு. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தீரும் விஷயம் இது.

உள்ளே வந்தவர் வெளியே போகும் வழி

பணம் போட்டவர், மகள் கல்யாணத்துக்குப் பங்கை விற்க வருகிறார் என்றால் என்ன ஆகும்? பிரைவேட் கம்பெனியில் பெரும்பாலும் மற்ற பங்குதாரர்களிடம் முதலில் கேட்க வேண்டும். அவர்கள் வாங்காவிட்டால் இயக்குநர் குழு சம்மதிக்கும் ஆளுக்கே விற்கலாம். நிறுவியவருக்கு இது பாதுகாப்பு. போட்டியாளர் பின்வாசலில் நுழைய முடியாது. பணம் போட்டவருக்கோ இது பூட்டு. கம்பெனியே பங்கைத் திரும்ப வாங்குவதற்கும் தனி விதிகளும் வரம்பும் உண்டு. பணம் வாங்கும் அன்றே இதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது நேர்மை.

பப்ளிக் கம்பெனியின் பங்கைத் தடையின்றி விற்கலாம். ஆனால், சந்தையில் பட்டியலிடாத கம்பெனியாக இருந்தால் வாங்க ஆள் தேட வேண்டும். சட்டம் உரிமை தருகிறது, வாங்குபவரைத் தருவதில்லை. 2018 அக்டோபரிலிருந்து பட்டியலிடப்படாத பப்ளிக் கம்பெனிகளின் பங்குகளும் டீமேட் கணக்கில் இருந்தால்தான் கைமாற்ற முடியும்.

நிர்வாகத்திலும் பிரைவேட் கம்பெனிக்குக் கை வீச்சு அதிகம். இயக்குநர்களின் சம்பளத்துக்குச் சட்ட உச்சவரம்பு இல்லை. பப்ளிக் கம்பெனியில் மொத்த நிர்வாக ஊதியம் பொதுவாக நிகர லாபத்தில் 11%ஐத் தாண்டக் கூடாது. நிறுவியவரின் பங்குக்கு மட்டும் கூடுதல் வாக்கு என்று பிரைவேட் கம்பெனி தன் விதிகளில் எழுதிக்கொள்ளலாம். ‘சிறிய கம்பெனி’ வரம்புக்குள் இருந்தால், ஆண்டுக்கு நான்கு இயக்குநர் கூட்டங்களுக்குப் பதில் இரண்டு போதும், அபராதங்களும் குறைவு. பப்ளிக் கம்பெனி எவ்வளவு சிறியதானாலும் இந்தச் சலுகை அதற்கு இல்லை.

மாறுவது எளிது, திரும்புவது கடினம்

ஆரம்பத்திலேயே பப்ளிக்காகப் பதிவுசெய்தால் மதிப்பு கூடும் என்று சொல்லி, எண்ணிக்கைக்காக உறவினர் நான்கு பேரைச் சேர்த்துப் பதிவுசெய்பவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒருவர் விலகி, ஆறு பேராகவே ஆறு மாதத்துக்கு மேல் தொழில் நடந்தால், அது தெரிந்தும் தொடர்ந்த பங்குதாரர்கள் அதன் பிறகு ஏற்படும் கடன்களுக்குத் தாங்களே பொறுப்பாவார்கள். லிமிடெட் என்ற சொல் தரும் காப்பே போய்விடும்.

பிரைவேட்டிலிருந்து பப்ளிக்குக்கு மாற, ஏழு பங்குதாரர்களும் மூன்று இயக்குநர்களும் இருந்து, சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றிப் படிவங்களைத் தாக்கல்செய்தால் பதிவாளர் புதிய சான்றிதழ் தருவார். ஸொமேட்டோ 2021 ஏப்ரலில்தான் பெயரிலிருந்து ‘பிரைவேட்’டை நீக்கியது, அதே ஆண்டு ஜூலையில் சந்தையில் பட்டியலானது. தேவை வந்தபோது மாறினார்கள். திரும்பி வருவதற்கோ பத்திரிகை விளம்பரம், கடன் கொடுத்தவர்களுக்கு அறிவிப்பு, மண்டல இயக்குநரின் ஒப்புதல் என்று நீண்ட வழி. ஆகவே, முதல்முறை தொழில் தொடங்குபவருக்கு பிரைவேட் லிமிடெட்தான் சரி என்பேன். அறிமுகம் இல்லாதவர்களின் பணம் உண்மையிலேயே தேவைப்படும் நாளில் பப்ளிக் ஆகலாம். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான பங்குச் சந்தைத் தளத்துக்குப் போகவே, முந்தைய மூன்று ஆண்டுகளில் இரண்டிலாவது 1 கோடி ரூபாய் செயல்பாட்டு லாபம் இருக்க வேண்டும் என்று செபி நிபந்தனை விதித்துள்ளது. அந்த லாபம் கண்ணுக்குத் தெரியாத வரை மாற்றத்துக்கு அவசரம் இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. 500 விவசாயிகளைச் சேர்த்து எண்ணெய் ஆலை தொடங்குவதே நோக்கம் என்றால் இரண்டு வகையும் பொருந்தாது. உற்பத்தியாளர் கம்பெனி என்ற தனி வகை இருக்கிறது. குறைந்தது பத்து உற்பத்தியாளர்கள் தொடங்கலாம். உறுப்பினர்களுக்கு 200 என்ற உச்சவரம்பு கிடையாது.

செய்ய வேண்டியவை

பணம் கேட்கும் முன் பெயர்ப் பட்டியல் எழுதுங்கள். அது நாற்பது பெயர்களைத் தாண்டினால், கம்பெனி செக்ரட்டரி ஒருவரைப் பார்க்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள். எந்தக் குழுவிலும், எந்த ஃபேஸ்புக் பக்கத்திலும் பங்கு விற்பனை பற்றி எழுதாதீர்கள். ஏற்கெனவே பங்குதாரராக இருப்பவர்களிடமே கூடுதல் பணம் இருந்தால், உரிமைப் பங்கு வழியில் கேளுங்கள். அதற்கு மதிப்பீட்டாளர் அறிக்கைகூடத் தேவையில்லை.

பணம் கொடுப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கம்பெனியின் பில்லிலும் கடிதத்தாளிலும் 21 எழுத்தும் எண்ணுமாக ஓர் அடையாள எண் அச்சாகியிருக்க வேண்டும். முதல் எழுத்து U என்றால் சந்தையில் பட்டியலிடப்படாதது, L என்றால் பட்டியலிடப்பட்டது. நடுவில் TN என்பது மாநிலம், அடுத்து பதிவான ஆண்டு, அதற்கடுத்து PTC என்றால் பிரைவேட், PLC என்றால் பப்ளிக். U-வில் தொடங்கி PTC உள்ள கம்பெனியிலிருந்து வாட்ஸ்அப்பில் பங்கு அழைப்பு வந்தால், பணம் அனுப்பாதீர்கள். அந்த எண்ணை mca.gov.in தளத்தில் போட்டால் இயக்குநர்கள் பெயரும், கடைசியாகக் கணக்குத் தாக்கல்செய்த விவரமும் தெரியும்.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. பதிவுச் சான்றிதழோடு, ‘நீங்கள் யாரிடம் பணம் வாங்கலாம், யாரிடம் வாங்கக் கூடாது’ என்று தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிய குறிப்பைச் சென்னை, கோவை கம்பெனிப் பதிவாளர் அலுவலகங்கள் அனுப்ப வேண்டும். மாவட்டத் தொழில் மையங்களும், மதுரை, ஈரோடு, திருநெல்வேலியில் உள்ள ஸ்டார்ட்அப் டிஎன் வட்டார மையங்களும் மாதம் ஒரு நாள் கம்பெனி செக்ரட்டரி ஒருவரை உட்காரவைத்து இலவச ஆலோசனை தரலாம். ‘உறவினர்’ பட்டியலில் மாமனார், மாமியார், தாய்மாமன், சித்தப்பா, பெரியப்பா ஆகியோரைச் சேர்ப்பது பற்றி மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் யோசிக்க வேண்டும். குடும்பப் பணத்தில் தொழில் தொடங்கும் ஊர்களில் அந்த ஒரு திருத்தம் பலரைச் சட்ட மீறலிலிருந்து காக்கும்.